நீலத் தண்ணியில ஒரு சொட்டு: 12.5 என்ற எண்ணின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன பாட்டிலைப் பத்தி. உள்ளே நீல நிறத் தண்ணி. ரத்த தான முகாமுக்குப் போயிருந்தீங்கன்னா கண்டிப்பா பார்த்திருப்பீங்க. விரல் நுனியில ஊசியால குத்தி, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து, அந்த நீலத்துல ஒரு சொட்டு விடுவாங்க. சொட்டு மூழ்கினா நீங்க ரத்தம் கொடுக்கலாம். மிதந்தா, "அடுத்த தடவை வாங்க" என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில கொடுத்து அனுப்பிடுவாங்க.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி. 2016-ல அங்கே ஒரு காலேஜ்ல நடந்த முகாமுக்கு நானும் என் தங்கச்சியும் போனோம். எனக்கு அது பதினோராவது முறை, அவளுக்கு முதல் முறை. அவளோட சொட்டு மிதந்தது. என்னுடையது மூழ்கியது. வீட்டுக்கு வர்ற வழி முழுக்க அவளைக் கிண்டல் பண்ணிட்டே வந்தேன். "உனக்கு ரத்தமே இல்ல, கீரை தின்னு, முருங்கை தின்னு" என்று.

ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒரு காரணத்துக்காக ரெண்டு பேருமே லேப்ல ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கிட்டோம். அவளுக்கு ஹீமோகுளோபின் 12.2. எனக்கு 12.1. முகாமுக்குப் போன அன்னைக்கு எனக்கு 12.5-க்குக் கொஞ்சம் மேல இருந்திருக்கணும், இல்லைன்னா சொட்டு மூழ்கியிருக்காது. இப்ப உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோலைப் பாருங்க. ஆணுக்கு 13-க்குக் கீழே போனா ரத்தசோகை. பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாத்தான் ரத்தசோகை. அதாவது முகாம் அன்னைக்கே ரத்தசோகை பெரும்பாலும் எனக்குத்தான் இருந்திருக்கு, அவளுக்கு இல்லை. ஆனா ஊசி குத்தி ரத்தம் எடுத்தது என்கிட்ட. திருப்பி அனுப்பினது அவளை.

யாரும் தப்பு பண்ணலை. விதிப்படிதான் நடந்தது. இந்தியாவுல ரத்தம் கொடுக்கிறவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்கணும், ஒவ்வொரு 100 மி.லி. ரத்தத்திலும். ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஒரே எண். அந்த எண்ணும் அந்த நீல பாட்டிலும் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதுதான் இந்த எபிசோட்.

மயில்துத்தம்

அந்த நீலம் வேற ஒண்ணும் இல்லை, மயில்துத்தம். காப்பர் சல்பேட். எங்க ஊர்ப் பக்கம் விவசாயம் செய்யற எந்த வீட்டுலயும் தெரியும். சுண்ணாம்போட கலந்து போர்டோ கலவையா பயிருக்குத் தெளிப்பாங்க. அதே உப்புதான்.

இதை ரத்தத்துக்குப் பயன்படுத்தலாம் என்று செஞ்சு காட்டினது நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துல, இரண்டாம் உலகப் போர் நேரத்துல. டொனால்ட் வான் ஸ்லைக் என்ற வேதியியலாளரும், ராபர்ட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது. அவங்களோட கவலை தானம் செய்யறவங்க இல்லை, காயம்பட்ட சிப்பாய்கள். தீக்காயம் பட்டவனுக்கு ரத்தத்துல இருந்து நீர்ப்பகுதி வெளியேறி, ரத்தம் கெட்டியாகும். குண்டடி பட்டு ரத்தம் இழந்தவனுக்கு உடம்பு நீரை இழுத்து நிரப்ப, ரத்தம் நீர்த்துப்போகும். ரெண்டு பேருக்கும் ஏத்த வேண்டியது வேற வேற. கரண்ட் இல்லாத கூடாரத்துல எப்படிக் கண்டுபிடிப்பது?

அவங்க பிடிச்சது ரத்தத்தோட அடர்த்தியை. வெவ்வேறு அடர்த்தியில மயில்துத்தக் கரைசல்களை வரிசையா பாட்டில்கள்ல வெச்சாங்க. ஒரு சொட்டு ரத்தத்தை அதுல விட்டா, உடனே அதைச் சுத்தி தாமிரமும் புரதமும் சேர்ந்து ஒரு மெல்லிய தோல் உருவாகும். அந்தத் தோல் கிட்டத்தட்ட 15 விநாடிக்குச் சொட்டைக் கரைய விடாது. அந்த 15 விநாடிக்குள்ள சொட்டு கீழே போகுதா, மேலே வருதா, நடுவுல நிக்குதா என்று பார்த்தா போதும், அதோட அடர்த்தி தெரிஞ்சிடும். தராசு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பிலிப்ஸ் 1947-ல கெய்ரோவுல காலரா பரவினப்போ இதே பாட்டில்களை எடுத்துட்டுப் போய், நோயாளி எவ்வளவு நீர் இழந்திருக்கார், எவ்வளவு ஏத்தணும் என்று கணக்குப் போட்டார். அந்த மனுஷனோட காலரா வேலை தனியா ஒரு எபிசோட் செய்ய வேண்டிய கதை.

ரத்த வங்கிகள் இதை எடுத்துக்கிட்டப்போ பாட்டில் வரிசை தேவைப்படலை. ஒரே பாட்டில் போதும். ரத்தத்தோட அடர்த்தியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது ஹீமோகுளோபின்தானே. ஒப்படர்த்தி 1.053 உள்ள கரைசல்ல ஒரு சொட்டு மூழ்கினா, ஹீமோகுளோபின் ஏறக்குறைய 12.5-க்கு மேல இருக்கு என்று அர்த்தம். பிரிட்டன்ல ரெண்டு பாட்டில் வெச்சிருந்தாங்க: பெண்களுக்கு 1.053, ஆண்களுக்கு 1.055. ரெண்டாவது 13.5-க்குச் சமம். நம்ம ஊர்ல ஒரே பாட்டில். ஒரு முகாம்ல ஒரு மேஜை, ஒரு பாட்டில், ஒரு எண். நடைமுறைக்கு வசதி என்பது உண்மை. ஆனா ஆணும் பெண்ணும் ஒரே கோட்டுல நிக்கிறவங்க இல்லை என்பதும் உண்மை.

இந்த முறை எங்கே சறுக்கும் என்பதும் தெரிஞ்சுக்க வேண்டியது. குழாய்க்குள்ள சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கிட்டா, நல்ல ரத்தமும் மிதக்கும். பாட்டிலைத் திறந்தே வெச்சிருந்தா தண்ணி ஆவியாகி, கரைசல் கெட்டியாகி, அப்பவும் மிதக்கும். தர்மபுரி மே மாச வெயில்ல இது கற்பனை இல்லை. விரலை அழுத்திப் பிதுக்கினா ரத்தத்தோட திசுநீரும் கலந்து சொட்டு லேசாகும். இதெல்லாம் தகுதியானவரைத் திருப்பி அனுப்புற தப்புகள். ரத்தத்துல புரதம் ரொம்ப அதிகமா இருந்தா இதுக்கு எதிர்த் தப்பு நடக்கும்: ஹீமோகுளோபின் குறைவா இருந்தாலும் சொட்டு மூழ்கிடும். ஒரே கரைசல்ல சொட்டு மேல சொட்டா விட்டுக்கிட்டே இருந்தாலும் அளவு கெடும். அதனாலதான் 30 மி.லி. கரைசலை 25 பேருக்கு மேல பயன்படுத்தக் கூடாது என்று வழக்கம். இப்ப நிறைய இடத்துல சின்ன மீட்டர் வந்தாச்சு, எண்ணையே காட்டிடும். கருவி மாறினாலும் கோடு 12.5-லயே நிக்குது.

விற்றவர்களும் கொடுத்தவர்களும்

நம்ம நாட்டுல இந்தக் கோட்டுக்குப் பின்னால ஒரு கசப்பான வரலாறு இருக்கு. 1990-கள் வரைக்கும் இந்தியாவுல ரத்தம் விலைக்கு வாங்கப்பட்டது. ரிக்‌ஷா இழுக்கிறவங்க, கூலி வேலை கிடைக்காதவங்க, போதைக்குப் பணம் தேடினவங்க ரத்த வங்கி வாசல்ல நிப்பாங்க. "தொழில்முறைக் கொடையாளி" என்று அதுக்கு ஒரு மரியாதையான பேரும் இருந்தது. ஒரு மாசத்துக்குள்ளயே பல தடவை வேற வேற வங்கியில வேற வேற பேர்ல கொடுப்பாங்க. ரத்தம் தண்ணியா இருந்தாலும் எடுத்துக்குவாங்க.

1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சப்போ இந்த வியாபாரம் வெறும் சுரண்டல் மட்டும் இல்லை, ஆபத்தும்கூட என்பது தெரிஞ்சது. 1990-ல மத்திய அரசுக்காக ஏ.எஃப். ஃபெர்குசன் நிறுவனம் நாட்டின் ரத்த வங்கிகளை ஆய்வு செஞ்சு ஒரு அறிக்கை கொடுத்தது. உரிமம் இல்லாத வங்கிகள், பரிசோதனையே இல்லாம ஏத்தப்படுற ரத்தம் என்று அதுல இருந்தது எல்லாம் பயங்கரம். அதை வெச்சுத்தான் எச்.டி. ஷோரியின் 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில தீர்ப்பு. ரெண்டு வருஷத்துக்குள்ள தொழில்முறைக் கொடையை ஒழிக்கணும், தேசிய ரத்தப் பரிமாற்றக் குழுமம் ஒன்றை அமைக்கணும். 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விற்கிறது நின்றது, குறைந்தபட்சம் சட்டப்படி.

அதுக்கப்புறம் யாரை நம்பி ரத்த வங்கி ஓடணும்? தானா முன்வந்து, திரும்பத் திரும்பக் கொடுக்கிறவங்களை. நியாயமான முடிவு. ஒரே ஆள் பல தடவை கொடுத்தா, ஒவ்வொரு தடவையும் பரிசோதிக்கப்பட்டிருப்பார், தொற்று வாய்ப்பு குறைவு. 25 தடவை கொடுத்தா சான்றிதழ், 50 தடவைக்கு மேடையில பொன்னாடை. நானும் அந்த ஆசையிலதான் எண்ணிக்கிட்டு இருந்தேன். என் அபிப்பிராயம் இது: ரத்தத்தை வாங்குறவரோட பாதுகாப்பை அந்தத் தீர்ப்பு உறுதி பண்ணுச்சு. ஆனா அடிக்கடி கொடுக்கிறவரோட இரும்பு எங்கே போகுது என்ற கேள்வியை யாரும் அப்ப கேட்கலை.

கல்லாவும் குடோனும்

உடம்புல இரும்பு ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு, ரத்தச் சிவப்பணுக்குள்ள ஹீமோகுளோபினா வேலை பார்க்குது. இன்னொண்ணு, கல்லீரல்லயும் எலும்பு மஜ்ஜையிலயும் ஃபெரிட்டின் என்ற புரதப் பைக்குள்ள சேமிப்பா கிடக்குது. ஒரு மளிகைக் கடை மாதிரி வெச்சுக்கோங்க. கடையில அடுக்கி இருக்கிற சரக்கு ஹீமோகுளோபின். பின்னால குடோன்ல இருக்கிறது ஃபெரிட்டின். கடையில ஒரு மூட்டை குறைஞ்சா குடோன்ல இருந்து உடனே எடுத்து வெச்சிடுவாங்க. வாசல்ல நின்னு பார்க்கிறவருக்கு கடை எப்பவும் நிறைஞ்சுதான் தெரியும். குடோன் முழுசா காலியான பிறகுதான் கடை அலமாரியில ஓட்டை தெரிய ஆரம்பிக்கும்.

முகாம்ல பார்க்கிறது அலமாரியை மட்டும்தான்.

என் கணக்கையே போடுவோம். 55 கிலோவுக்குக் கீழே எடை உள்ளவர்கிட்ட 350 மி.லி. எடுப்பாங்க. எனக்கு அப்ப 52 கிலோ. ஆரம்பத்துல 14.5 இருந்தது, போகப்போகக் குறைஞ்சது. சராசரியா 13.7 என்று வெச்சுக்குவோம். 350 மி.லி.ல 48 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின்ல 3.4 மி.கி. இரும்பு. அப்ப ஒரு தடவைக்கு சுமார் 160 மி.கி. இரும்பு பைக்குள்ள போயிடும். ஆரோக்கியமான ஒரு ஆணோட குடோன்ல 800-ல இருந்து 1,000 மி.கி. வரைக்கும் இருக்கலாம். பெண்ணுக்கு 300 சொச்சம்தான், மாதவிடாய்ல போயிட்டே இருக்கிறதால.

மூணு வருஷத்துல பதினோரு தடவை கொடுத்தேன். 1,760 மி.கி. குடோன்ல இருந்ததைவிட அதிகம். மீதியைச் சாப்பாட்டுல இருந்து உடம்பு இழுத்திருக்கணும். நாளுக்கு ஒன்றரை மி.கி.க்கு மேல, வழக்கமா எல்லாருக்கும் இழப்பாகிற ஒரு மி.கி.யையும் சேர்த்து.

இங்கேதான் சாப்பாடு வருது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட இப்போதைய கணக்குல நம்ம உணவுல இருக்கிற இரும்புல உடம்பு எடுத்துக்கிறது சுமார் 8 சதவீதம். நாளுக்கு 19 மி.கி. சாப்பிட்டாலும் ஒன்றரை மி.கி.தான் உள்ளே போகும். சேமிப்பு குறையக் குறைய குடல் கொஞ்சம் கூடுதலா இழுக்கும், ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. எங்க ஊர்ப் பெருமை ராகிக் களி. இரும்பு இருக்கு என்று சொல்லித்தான் வளர்த்தாங்க. இருக்கு, பொய் இல்லை. ஆனா ராகியில இருக்கிற ஃபைட்டேட்டும் டானினும் அந்த இரும்பைக் கட்டிப் பிடிச்சு வெளியே அனுப்பிடும். களி சாப்பிட்டதும் ஒரு டீ குடிச்சா இன்னும் மோசம். புளிக்க வெச்ச கூழ் கொஞ்சம் பரவாயில்லை. புளிக்கிறப்போ ஃபைட்டேட் குறையும். வைட்டமின் சி கூட இருந்தா உறிஞ்சுதல் கூடும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர் என்று எங்க ஆளுங்க எல்லாரும் மார்தட்டுவோம். அந்த நெல்லியை டீக்குப் பதிலா சாப்பாட்டோட சேர்த்துச் சாப்பிட்டிருக்கலாம், நான் செய்யலை.

அந்தக் கடைசி தானத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இருந்தே ஒரு விநோதம். பச்சரிசியைக் கை நிறைய அள்ளி மென்னுக்கிட்டே இருந்தேன். அம்மா திட்டுவாங்க, "பிள்ளைத்தாச்சி மாதிரி அரிசி திங்கறான்" என்று. கர்ப்பிணிகள் சாம்பல், அரிசி, சிலேட்டுக் குச்சி தின்பதை ஊர்ல எல்லாரும் பார்த்திருப்பாங்க. அது பல நேரம் இரும்புக் குறைவோட அறிகுறி. அடிக்கடி ரத்தம் கொடுக்கிறவங்ககிட்டயும் இது வரும், ஐஸ் கட்டி மெல்லுகிற ஆசையா வரும். ராத்திரி படுத்தா கால் சும்மா இருக்காம துடிக்கிறது இன்னொரு அறிகுறி. எனக்கு மூணாவது மாடி ஏறினா மூச்சு வாங்கியது. ஆபீஸ் டென்ஷன் என்று விட்டுட்டேன்.

டாக்டர் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். 9 வந்தது. 15-க்குக் கீழே போனா குடோன் காலி என்று அர்த்தம். அவர் முதல்ல கேட்டது தானத்தைப் பத்தி இல்லை. மலம் கருப்பா போகுதா, வயித்து வலி இருக்கா, வலி மாத்திரை அடிக்கடி போடுறீங்களா? ஆண்களுக்கு இரும்பு குறைஞ்சா வயித்துல, குடல்ல எங்கேயாவது ரத்தம் கசியுதா என்றுதான் முதல்ல தேடுவாங்க. அதைத் தேடாம "ரத்தம் கொடுக்கிறதாலதான்" என்று முடிவு கட்டினா ஒரு புண்ணையோ புற்றையோ தவற விடலாம். அதெல்லாம் பார்த்து முடிச்ச பிறகுதான் என் தான அட்டையைக் காட்டினேன். அவர் தேதிகளை மட்டும் எண்ணிப் பார்த்துட்டு, "தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை, கரெக்டா போயிருக்கீங்க" என்றார். பாராட்டு மாதிரி தெரியலை.

ஃபெரிட்டின் பரிசோதனைக்கும் ஒரு குறை உண்டு. காய்ச்சலோ தொற்றோ இருந்தா அது தானா ஏறிடும். டெங்குவுல இருந்து தேறினவருக்கு அடுத்த வாரமே பார்த்தா 80 வரலாம், குடோன் காலியா இருந்தாலும். உடம்பு சரியா இருக்கிறப்போதான் பார்க்கணும்.

தொண்ணூறு நாள் யாருக்குப் போதும்?

ரத்தத்தை அளந்து ஃபெரிட்டினைச் சொல்லும் முறை 1972-ல பிரிட்டனின் கார்டிஃப்ல வந்தது. அதுக்கு முன்னாடி குடோனைப் பார்க்க எலும்பு மஜ்ஜையைத்தான் குத்தி எடுக்கணும், முகாம்ல அது நடக்காது. அஞ்சே வருஷத்துல, 1977-ல, அமெரிக்காவின் சியாட்டில்ல கிளமென்ட் ஃபின்ச் குழு ஏறக்குறைய 3,000 கொடையாளிகளைப் பரிசோதிச்சது. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கிற ஆணுக்குக்கூட ஃபெரிட்டின் பாதியா குறைஞ்சிருந்தது. அடிக்கடி கொடுத்த பெண்கள்ல நிறைய பேருக்கு இரும்புக் குறைவு இருந்தது. அப்பவே தெரிஞ்ச விஷயம் இது. விதிகள் அசைய நாற்பது வருஷம் ஆச்சு.

ரத்தத்தோட நீர்ப்பகுதி ரெண்டு நாள்ல திரும்பிடும். சிவப்பணுக்கள் சில வாரத்துல. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை" என்ற நம்ம இடைவெளிக்கு இந்தக் கணக்கு சரியா பொருந்தும். ஆனா இரும்பு? 2015-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 215 பேர் ரத்தம் கொடுத்தாங்க. பாதிப் பேருக்கு தினமும் 37.5 மி.கி. இரும்பு கொடுத்தாங்க, மீதிப் பேருக்கு இல்லை. குறைஞ்ச ஃபெரிட்டினோட ஆரம்பிச்சவங்கள்ல, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு இழந்த ஹீமோகுளோபின்ல 80 சதவீதம் திரும்ப சுமார் 32 நாள். சாப்பிடாதவங்களுக்கு 158 நாள். மாத்திரை இல்லாதவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு 168 நாள் ஆகியும் சேமிப்பு பழைய அளவுக்கு வரலை. தொண்ணூறு நாளை அங்கே எங்கே வைப்பது என்று பாருங்க.

பிரிட்டன்ல சுமார் 45,000 பேரை வெச்சு இடைவெளியைக் குறைச்சா என்ன ஆகும் என்று பார்த்தாங்க. முடிவு 2017-ல வந்தது. ரத்தம் அதிகம் சேர்ந்தது, கூடவே இரும்புக் குறைவும் திருப்பி அனுப்பப்படுறவங்களும் அதிகமானாங்க. நெதர்லாந்து அதே சமயத்துல ஃபெரிட்டினையே அளக்க ஆரம்பிச்சது. 15-க்குக் கீழே என்றால் ஒரு வருஷம் வராதே, 15-க்கும் 30-க்கும் நடுவுல என்றால் ஆறு மாசம். அமெரிக்கா 2016-ல ஆண்களுக்கான கோட்டை 13-க்கு ஏத்தியது. இந்தியாவுல 2017-ன் வழிகாட்டுதல் பெண்களுக்கான இடைவெளியை 120 நாளாக்கியது. ஆண்களுக்கு 90 நாள் அப்படியே. 12.5-ம் அப்படியே.

ஏன் ஏத்தலை என்றால் காரணம் இல்லாம இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12.5 கோடே அவங்கள்ல பாதிக்கு மேல வெளியே நிறுத்திடுது. ஆண்களுக்கும் கோட்டை ஏத்தினா ரத்தம் எங்கிருந்து வரும்? பிரசவத்துல ரத்தப்போக்கு வந்த ஒரு பெண்ணை சித்தேரி மலையில இருந்து இறக்கிக் கொண்டு வர்றப்போ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில பை தயாரா இருக்கணும். அந்தப் பையை நிரப்பினவரோட ஃபெரிட்டின் என்ன என்று அங்கே யாரும் கேட்கப் போறதில்லை, கேட்கவும் முடியாது.

இன்னொரு விசித்திரம். நம்மகிட்ட இருந்து போன இரும்பு காணாமப் போறதில்லை. தலசீமியா உள்ள குழந்தைக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். ஒவ்வொரு பையோடயும் இரும்பும் ஏறுது. மனுஷ உடம்புக்கு அதிக இரும்பை வெளியேத்த வழி கிடையாது. அது இதயத்துலயும் கல்லீரல்லயும் படியும். அதைக் கரைச்சு வெளியேத்த அந்தக் குழந்தை தினமும் மருந்து சாப்பிடுது. அதே நாள்ல கொடுத்தவர் இரும்பு மாத்திரை வாங்கப் போயிட்டு இருப்பார்.

எனக்குக் கொடுத்த மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் போட்டா ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் கதவை மூடிடும் என்று விளக்கினார் டாக்டர். வெறும் வயித்துல, எலுமிச்சைத் தண்ணியோட, டீ குடிக்க ரெண்டு மணி நேரம் தள்ளி. மலம் கருப்பாகும், பயப்படாதீங்க என்றார். தலசீமியா மரபுக்கூறு இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவா காட்டும், அப்ப இரும்பு கொடுத்து பயனில்லை, அதனால பரிசோதிக்காம நீங்களா கடையில வாங்கி ஆரம்பிக்காதீங்க என்பதையும் சொன்னார். அஞ்சு மாசத்துல ஃபெரிட்டின் 34. அரிசி மெல்லுறது ரெண்டாவது வாரத்துலயே நின்னுடுச்சு.

இப்ப நான் வருஷத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறேன். அதுக்கு முந்தின மாசம் ஃபெரிட்டின் பார்த்துட்டுப் போறேன். தங்கச்சி அடுத்த வருஷம் 12.8 வந்து கொடுத்தா. மேஜையில இருந்த அக்கா அவளுக்கு "120 நாள் கழிச்சு வாம்மா" என்று அட்டையில எழுதிக் கொடுத்தாங்க. அவ அதை வாங்கிட்டு, "எனக்கு இரும்பும் பார்ப்பீங்களா?" என்று கேட்டா. அந்த அக்கா நீல பாட்டிலைப் பார்த்தாங்க. "அதெல்லாம் இங்க இல்லம்மா" என்றாங்க.